போலி ஏர்பாட்ஸ் ப்ரோ: பார்க்க அசல், கேட்டால் டப்பா – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லா நிறுவன இயர்பட்ஸுக்கும் போலி உண்டு. அதிலும் போலிக்காரர்கள் அதிகம் மெனக்கெடுவது ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோவுக்குத்தான். இந்தப் பக்கத்தில் 2022 செப்டம்பரில் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் தலைமுறையை, குறிப்பாக 2023-இல் டைப்-சி சார்ஜிங்குடன் வந்த வடிவத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பழைய பொருளாகக் கைமாறும்போதும், "கிஃப்டா வந்தது, சீல் பிரிக்கல" என்ற விளம்பரங்களிலும் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான். வேறு நிறுவன இயர்பட்ஸ் வாங்குகிறவர்களுக்குக் கடைசிக்கு முந்தைய பகுதியில் தனியாக ஒரு பதில் இருக்கிறது.

பாக்ஸ், எழுத்து, எடை எல்லாமே அசல் மாதிரியே இருக்கு. அப்புறம் எப்படிப் போலின்னு சொல்றீங்க?

கண்ணால் பார்க்கிற எதையும் நகலெடுக்கலாம் என்பதால்தான். வெள்ளைப் பிளாஸ்டிக் வார்ப்பு, பெட்டியின் அச்சு, மூடிக்கு உள்ளே இருக்கும் பொடி எழுத்து, சீரியல் எண் எல்லாம் ஒருமுறை அச்சு செய்துவிட்டால் லட்சம் முறை வார்த்துவிடக்கூடியவை. நல்ல போலிகளில் இவற்றில் குறை கண்டுபிடிப்பது தொழில் தெரிந்தவருக்கே கஷ்டம். எழுத்தின் சாம்பல் நிறம் அரை மாத்திரை அடர்த்தியாக இருக்கிறது, மூடியின் இடைவெளி ஒரு நூல் கூடுதலாக இருக்கிறது என்று இணையத்தில் சொல்லப்படும் அடையாளங்களில் பாதி அடுத்த தொகுதிப் போலியிலேயே சரிசெய்யப்பட்டுவிடும்.

நகலெடுக்க முடியாதது அதன் நடத்தை. ஐபோன் கேட்கும்போது "நான் அசல்தான்" என்று நிரூபிப்பது, காதுக்குள் இருக்கும் ஒலியை அளந்து தன்னைச் சரிசெய்துகொள்வது, தோலுக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்வது ஆகியவற்றுக்கு உள்ளே சரியான சிப்பும் மைக்கும் சென்சாரும் இருந்தாக வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கிற பொருளில் அவற்றை வைத்தால் செய்கிறவனுக்குக் கட்டாது. ஆகவே கீழே சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவை அது என்ன செய்கிறது என்று பார்ப்பவை.

ஐபோன் பக்கத்துல மூடியைத் திறந்தா அந்த அனிமேஷன் வருதே, அது போதாதா?

போதாது. அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். மூடி திறந்ததும் ஏர்பாட்ஸ் புளூடூத் வழியாக ஒரு சிறு அறிவிப்பை ஒலிபரப்பும். "நான் இன்ன மாடல், பேட்டரி இவ்வளவு" என்பதுதான் அதன் சாரம். ஐபோன் அதைப் படித்து, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் படத்தைத் திரையில் காட்டுகிறது. படம் போனில் இருந்து வருகிறது, இயர்பட்ஸில் இருந்து அல்ல. அந்த அறிவிப்பின் வடிவம் போலிக்காரர்களுக்குப் பல வருடமாகத் தெரியும். மலிவான சிப் வைத்த போலிகூட அந்த அனிமேஷனை அழகாக வரவழைத்துவிடும்.

பார்க்க வேண்டியது அனிமேஷனுக்கு அடுத்து வருவதை. ஐஓஎஸ் 16 முதல், இணைக்கும்போது ஐபோன் இயர்பட்ஸைச் சரிபார்க்கிறது. தேறாவிட்டால் "Cannot Verify AirPods" என்ற தலைப்பில் ஓர் எச்சரிக்கை வரும். இது வந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். விற்பவர் "அது அப்டேட் பண்ணா போயிடும்" என்பார், போகாது. "இணைத்துவிட்டு ஓகே அழுத்துங்க, பாட்டு கேட்கும்" என்பார். பாட்டு கேட்கும்தான், ஆனால் பொருள் போலி.

எச்சரிக்கை வரவில்லை என்பதால் மட்டும் அசல் என்று நம்பிவிட வேண்டாம். இந்தச் சோதனையைத் தாண்டும் வகையில் செய்யப்பட்டவை என்று சொல்லி விற்கப்படும் போலிகளும் சந்தையில் இருக்கின்றன. விற்பவரே கொண்டுவந்த பழைய ஐபோனில் ஐஓஎஸ் 15 ஓடிக்கொண்டிருந்தால் எச்சரிக்கை வர வழியே இல்லை. சோதிக்க உங்கள் போனையோ நண்பரின் போனையோ எடுத்துச் செல்லுங்கள்.

சீரியல் நம்பரை ஆப்பிள் சைட்ல போட்டுப் பார்த்தேன், சரியா வந்துச்சு. அப்போ ஒரிஜினல்தானே?

யாரோ ஒருவர் எங்கோ வாங்கிய ஓர் அசல் ஏர்பாட்ஸின் எண் உங்கள் கையில் இருக்கும் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கிறது என்பது வரைதான் அதிலிருந்து தெரியும். ஒரே அசல் எண்ணை ஆயிரக்கணக்கான போலிகளில் அடித்துவிடுவார்கள். அதனால் தளத்தில் எண் கிடைக்காவிட்டால் போலி என்று முடிவு செய்யலாம், கிடைத்தால் அசல் என்று முடிவு செய்யக் கூடாது.

அப்படியென்றால் இந்தச் சோதனை வீணா என்றால், இல்லை. எண் சரியா என்பதோடு நிறுத்தாமல் பதிலை முழுதாகப் படியுங்கள். `checkcoverage.apple.com` பக்கத்தில் மாடல் பெயரும் வாரண்டி நிலையும் வரும். கையில் இருப்பது டைப்-சி துளை உள்ள ப்ரோ, தளமோ வேறு மாடலைக் காட்டுகிறது என்றால் அங்கேயே கதை முடிந்தது. விற்பவர் "புத்தம் புதுசு, சீல் பிரிக்கல" என்கிறார், தளம் வாரண்டி முடிந்துவிட்டது என்கிறது என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. வாரண்டி ஒரு வருடம், அது வாங்கிய நாளில் இருந்து ஓடும். அது முடிந்திருந்தால் வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அப்புறம் எப்படிப் புத்தம் புதுசு ஆகும்?

அடுத்து, எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அசலில் சார்ஜிங் பெட்டிக்கு ஓர் எண், இடது பட்ஸுக்கு ஓர் எண், வலது பட்ஸுக்கு ஓர் எண் என மூன்று தனித்தனி எண்கள் உண்டு. இணைத்த பிறகு ஐபோனின் `Settings`-இல் ஏர்பாட்ஸ் பெயரைத் தட்டி, கீழே `About` பகுதிக்குப் போய், சீரியல் எண் வரியைத் தட்டிப் பாருங்கள். மூன்று இடத்திலும் ஒரே எண்ணைத் திருப்பித் திருப்பிக் காட்டினால் போலி. பெட்டி மூடிக்குள் அச்சாகியிருப்பதும், வெளிக் காகிதப் பெட்டியின் லேபிளில் இருப்பதும், திரையில் பெட்டியின் எண்ணாகக் காட்டுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளிப்பெட்டி அசல், உள்ளே போலி என்ற மோசடியை இந்த ஒப்பீடு பிடித்துவிடும். அசல் காலிக் காகிதப் பெட்டிகள் தனியாகவே விலைக்குப் போகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

பாட்டு கேட்டுப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு. சத்தத்துல என்ன வித்தியாசம் தெரியும்?

கடையில் நின்று, விற்பவர் போடும் பாட்டை முப்பது நொடி கேட்டால் தெரியாது. போலிகள் கீழ் ஸ்தாயியைக் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கும். முதல் தடவை கேட்கிறபோது "பேஸ் நல்லா இருக்கே" என்று தோன்றும். அடுத்த நாள் வீட்டில் கேட்கும்போதுதான் குரல் எங்கோ டப்பாவுக்குள் இருந்து வருவது போலப் படும்.

உங்களுக்கு மனப்பாடமான ஒரு கச்சேரிப் பதிவைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு, வயலின், மிருதங்கம், பின்னால் தம்பூரா என்று இருந்தால் போதும். மிருதங்கத்தின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். தொப்பிப் பக்கம் விழும் 'தொம்' ஓசை ஆழமாகத் தொடங்கிச் சட்டென்று முடிய வேண்டும். போலியில் அது 'பூம்' என்று இழுபட்டு அடுத்த அடியின் மேல் போய் விழும். வலந்தலையின் 'நம்' ஓசை மணி போலச் சுத்தமாக ஒலிக்க வேண்டும், போலியில் மொக்கையாக இருக்கும். தம்பூராவின் ரீங்காரம் அசலில் பின்னணியில் தொடர்ந்து கேட்கும், போலியில் மற்ற வாத்தியங்கள் சேர்ந்ததும் காணாமல் போகும். 'ச', 'ஸ' வரும் சொற்கள் காதில் குத்தும்.

ஒலியை முக்கால் அளவுக்கு ஏற்றி இன்னொரு முறை கேளுங்கள். ஸ்பீக்கரின் சவ்வு மலிவாக இருந்தால் கீழ் ஸ்தாயியில் கறகறப்பு கேட்கும். கடைசியாக, இடதும் வலதும் ஒரே அளவில் கேட்கிறதா என்று பாருங்கள். குரல் தலைக்கு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால், இரண்டு பட்ஸிலும் இருக்கும் ஸ்பீக்கர்கள் பொருத்திப் பார்த்துச் சேர்க்கப்படவில்லை என்று அர்த்தம்.

ஏன் இவ்வளவு மோசமா கேட்குது? ஸ்பீக்கர் மட்டும்தான் காரணமா?

ஸ்பீக்கர் பாதிக் காரணம். மீதிப் பாதி, காதுக்கு உள்ளே நோக்கி வைத்திருக்கும் மைக்.

காதுத் துளை ஆளுக்கு ஆள் வேறு. சிலிக்கான் முனை சரியாக அடைக்காவிட்டால் கீழ் ஸ்தாயி வெளியே கசிந்துவிடும். அசல் ஏர்பாட்ஸ் ப்ரோ, உள்நோக்கிய மைக்கால் உங்கள் காதுக்குள் உண்மையில் என்ன ஒலிக்கிறது என்று கேட்டு, கீழ் மற்றும் நடு ஸ்தாயிகளை அந்தந்தக் காதுக்கு ஏற்ப ஓயாமல் சரிசெய்கிறது. போலியில் அந்த இடத்தில் வலை மட்டும் இருக்கும், பின்னால் மைக் இருக்காது. இருந்தாலும் அதைக் கொண்டு கணக்குப் போடும் மென்பொருள் இருக்காது. ஆகவே எல்லாக் காதுக்கும் ஒரே மாதிரியான குண்டு பேஸை நிரந்தரமாக வைத்துவிடுகிறார்கள்.

இந்த ஒரு மைக் இல்லாததால் வேறு இரண்டும் சேர்ந்து கெடுகின்றன: இரைச்சல் நீக்கம், காது முனைப் பொருத்தச் சோதனை. வாங்கும்போது பிடிக்க வசதியான இடங்களும் இவைதான்.

காது முனைப் பொருத்தச் சோதனைன்னா என்ன, அதை வச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஐபோனில் ஏர்பாட்ஸ் பெயரைத் தட்டினால் வரும் பட்டியலில் `Ear Tip Fit Test` என்று இருக்கும். அதை ஓட்டினால் ஓர் இசைத் துணுக்கு சில நொடி ஒலிக்கும். உள் மைக் அதைக் கேட்டு, கீழ் ஸ்தாயி எவ்வளவு கசிகிறது என்று அளந்து, முனை சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று ஒவ்வொரு காதுக்கும் தனியாகச் சொல்லும்.

முதலில் இரண்டையும் ஒழுங்காக மாட்டிக்கொண்டு ஓட்டுங்கள். பிறகு வேண்டுமென்றே கெடுத்துவிட்டு ஓட்டுங்கள். வலது பட்ஸின் சிலிக்கான் முனையைக் கழற்றிவிட்டு, வெறும் பட்ஸைக் காதில் தொங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அசலாக இருந்தால் இடது காதுக்குச் சரி என்றும், வலது காதுக்கு முனையை மாற்றிப் பாருங்கள் என்றும் பிரித்துச் சொல்லும். பல போலிகள் இரண்டு காதுக்கும் பச்சை எழுத்தில் `Good Seal` என்றே காட்டும். அளக்க மைக் இல்லாததால் எப்போதும் "சரி" என்ற பதிலை எழுதி வைத்திருப்பார்கள். பட்டியலில் இந்தச் சோதனையே காணவில்லை என்றாலும் போலிதான்.

ஒரே நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனை, எங்கள் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும் விட நம்பகமானது. முனையைக் கழற்றும்போது கவனம்: அசலில் அது 'டக்' என்று கழன்று, திரும்ப அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். விற்பவரிடம் சொல்லிவிட்டுக் கழற்றுங்கள்.

நாய்ஸ் கேன்சலேஷன் வேலை செய்யுதா இல்லையான்னு கடையிலேயே பார்க்க முடியுமா?

மின்விசிறிக்கு அடியில் போய் நின்றாலே போதும். கடை ஏசியின் உறுமலும் உதவும். பாட்டை நிறுத்திவிட்டு, இரண்டு பட்ஸையும் மாட்டி, போனில் `Off` நிலைக்கு மாற்றிப் பத்து நொடி கேளுங்கள். பிறகு `Noise Cancellation` என்று மாற்றுங்கள். அசலில் விசிறியின் 'ஹூம்' ஓசையைக் கையால் எடுத்துவிட்டது போல இருக்கும். பேச்சுக்குரல் குறையுமே தவிர முழுதாகப் போகாது, அது இயல்பு. தொடர்ந்து ஒலிக்கும் கீழ் ஸ்தாயிதான் இந்த நுட்பத்துக்கு எளிதில் மடங்கும்.

போலியில் மூன்றில் ஒன்று நடக்கும். ஒன்றுமே மாறாமல், திரையில் மட்டும் பொத்தான் நகரும். அல்லது விசிறிச் சத்தம் கொஞ்சம் குறைந்து, அதற்குப் பதிலாக 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் புதிதாகச் சேரும். அல்லது, இதுதான் தந்திரம், `Off` நிலையில் வெளிச்சத்தத்தை மைக் வழியாகச் சற்றுக் கூட்டிக் கொடுத்துவிட்டு, நீக்கம் போட்டதும் அதை நிறுத்துவார்கள். வித்தியாசம் பெரிதாகத் தெரிவது போலப் படும். இதைப் பிடிக்க, `Off` நிலையில் ஒரு பட்ஸை மெல்லக் கழற்றி மாட்டிப் பாருங்கள். மாட்டியிருக்கும்போது வெளிச்சத்தம் வெறும் காதில் கேட்பதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் சிலிக்கான் முனை காதை அடைத்திருக்கிறது.

காதுல இருந்து எடுத்தா பாட்டு நிக்குது, மாட்டினா ஓடுது. அப்போ சென்சார் இருக்குன்னுதானே அர்த்தம்?

ஏதோ ஒரு சென்சார் இருக்கிறது. எது என்பதுதான் கேள்வி. இரண்டாம் தலைமுறை ப்ரோவில் இருப்பது தோலை உணரும் சென்சார். போலிகளில் பெரும்பாலும் இருப்பது, எதிரில் எது வந்து மறைத்தாலும் "காதில் இருக்கிறேன்" என்று நினைக்கும் சாதாரண ஒளிச் சென்சார்.

பாட்டை ஓடவிட்டு, ஒரு பட்ஸைக் காதில் இருந்து எடுங்கள், பாட்டு நிற்கும். இப்போது எடுத்த பட்ஸின் சென்சார்ப் பகுதியைக் கைக்குட்டையால் மூடி அழுத்துங்கள். விரல் தோல் படாமல் இருக்க வேண்டும், அதற்காகத்தான் துணி. துணிக்கு ஏமாந்து பாட்டு மறுபடி ஓடத் தொடங்கினால் உள்ளே இருப்பது மலிவு சென்சார். சட்டைப் பையில் போட்டாலும் பாட்டு தானாக ஓடுவதாகச் சிலர் குறை சொல்வதன் காரணமும் இதுதான். இந்தச் சோதனை இரண்டாம் தலைமுறைக்கு மட்டும் பொருந்தும். 2019-இல் வந்த முதல் தலைமுறை ப்ரோவில் அசலிலேயே ஒளிச் சென்சார்தான்.

கூடவே தண்டையும் பாருங்கள். விரலால் லேசாகத் தட்டுங்கள், எதுவும் நடக்கக் கூடாது. இரு விரலால் கிள்ளுவது போல அழுத்தினால்தான் பாட்டு நிற்க வேண்டும். தொட்டாலே நின்றால் அது தொடு சென்சார், அழுத்த சென்சார் அல்ல.

எடை போட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சிறு டிஜிட்டல் தராசு வேண்டும், சமையலறைத் தராசு ஒற்றைக் கிராமில் தடுமாறும். டைப்-சி வடிவத்தில் பட்ஸ் ஒவ்வொன்றும் 5.3 கிராம், பட்ஸ் இல்லாத சார்ஜிங் பெட்டி 50.8 கிராம். பெட்டி நாற்பது, நாற்பத்திரண்டு என்று வந்தால் போலி, உள்ளே சின்ன பேட்டரி. ஆனால் எடையைக் கூட்ட உள்ளே உலோகத் துண்டு வைப்பது சுலபம், அதனால் எடை சரியாக வந்தால் அதற்குப் பெரிய மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

ஒருத்தர் ஏழாயிரத்துக்குத் தர்றேங்கிறார், நேர்ல வரச் சொல்றார். போனதும் எதை முதல்ல பார்க்கணும்?

இந்த மாடல் இந்தியாவில் வெளியானபோது விலை ₹24,900. பயன்படுத்திய நல்ல நிலை அசல் ஏழாயிரத்துக்குக் கிடைப்பது நடக்காத காரியம் இல்லை. அதனால்தான் இந்த விலைதான் ஆபத்தானது: 1,500 ரூபாய் என்றால் எல்லோருக்கும் போலி என்று தெரிந்துவிடும், ஏழாயிரம் என்றால் நம்பத் தோன்றும்.

கிளம்பும் முன்பே மூடிக்குள் இருக்கும் சீரியல் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் பயணச் செலவு மிச்சம். அனுப்பினால் ஆப்பிள் தளத்தில் போட்டு, மாடலும் வாரண்டி நிலையும் அவர் சொன்ன கதையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறி அல்லது ஏசி இருக்கும் இடத்தில் சந்திப்பதாகச் சொல்லுங்கள், ஒரு தேநீர்க்கடை போதும். புதிய ஐஓஎஸ் உள்ள ஐபோனும் கைக்குட்டையும் கொண்டு போங்கள்.

போனதும் படத்தில் இருந்த எண்ணும் பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். படத்தில் அசலைக் காட்டிக் கையில் போலியைத் தருவது பழைய வித்தை. பிறகு பட்ஸைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் மாடல் எண்ணைப் பாருங்கள். டைப்-சி வடிவத்தில் அது A3047, A3048, A3049 இவற்றுள் ஒன்றாகவும், பெட்டி A2968 ஆகவும் இருக்க வேண்டும். பெட்டியின் பக்கத்தில் கயிறு மாட்டும் துளையும், அடியில் ஸ்பீக்கர் ஓட்டைகளும் இருக்கும்.

அடுத்து உங்கள் போனோடு இணையுங்கள். இங்கே இரண்டு விதமான எச்சரிக்கை வரலாம், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சரிபார்க்க முடியவில்லை என்று வந்தால் போலி. வேறொருவரின் ஆப்பிள் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று வந்தால், பொருள் அசலாகவே இருக்கலாம், ஆனால் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். உரிமையாளர் தன் போனில் `Find My` பட்டியலில் இருந்து உங்கள் கண்ணெதிரே நீக்கித் தரட்டும். முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எச்சரிக்கை எதுவும் இல்லையா? மூன்று சீரியல் எண்களைப் பாருங்கள், பிறகு முனையைக் கழற்றிப் பொருத்தச் சோதனை, விசிறிக்கு அடியில் இரைச்சல் நீக்கம், கைக்குட்டைச் சோதனை, கடைசியாக உங்களுக்குத் தெரிந்த கச்சேரி. பெரும்பாலான போலிகள் பொருத்தச் சோதனையைத் தாண்டாது. எல்லாம் தேறினால், `Find My` வழியாகப் பெட்டியை மட்டும் ஒலிக்கச் செய்து பாருங்கள். அடியில் உள்ள ஓட்டைகளில் இருந்து தெளிவான ஓசை வர வேண்டும். அதன் பிறகு பணத்தை எடுக்கலாம். பணத்தை முன்கூட்டியே யுபிஐ-யில் அனுப்பாதீர்கள்.

என்கிட்ட ஆண்ட்ராய்டு போன்தான் இருக்கு. நான் எப்படிப் பார்க்கிறது?

பாதிச் சோதனைகளைச் செய்ய முடியாது என்பதுதான் உண்மை. சரிபார்ப்பு எச்சரிக்கை, மூன்று எண்கள், பொருத்தச் சோதனை, கைக்குட்டைச் சோதனை எல்லாமே ஐபோன் வழியாகத்தான். விசிறி, மிருதங்கம் இரண்டும் எந்தப் போனிலும் நடக்கும். இரைச்சல் நீக்கத்தைத் தண்டை அழுத்திப் பிடித்து மாற்றலாம்.

ஆண்ட்ராய்டில் கூடுதலாக ஒன்று பார்க்கலாம். `Settings`-இல் போன் விவரப் பக்கத்தில் `Build number` வரியை ஏழு முறை தட்டினால் `Developer options` திறக்கும். அதில் `Bluetooth Audio Codec` என்ற வரி, பாட்டு எந்த முறையில் சுருக்கப்பட்டு அனுப்பப்படுகிறது என்று காட்டும். அசல் ஏர்பாட்ஸ் AAC-ஐ ஏற்கும். AAC-ஐத் தேர்ந்தெடுத்த பிறகும் அது திரும்பத் திரும்ப SBC-க்கே போனால் சந்தேகப்படுங்கள். சில போன்கள் தாமாகவே SBC-ஐத் தேர்ந்தெடுக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐபோன் வைத்திருக்கும் ஒருவரைக் கூட அழைத்துப் போவதுதான் நல்லது.

ஃபர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பின்னு சொல்லியே விக்கிறாங்க. அது கொஞ்சம் நல்லா இருக்குமா?

காப்பி என்று சொல்லி விற்றாலும் ஆப்பிள் பெயரும் சின்னமும் போட்ட நகல் போலிதான். "மாஸ்டர்" என்பதற்கு எந்த அளவுகோலும் இல்லை. வெளித்தோற்றம் கூடுதலாக ஒத்துப்போகும், உள்ளே ஒலிக்கு அந்த அளவு செலவழித்திருக்க மாட்டார்கள். அதே இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு, தன் சொந்தப் பெயரில் வரும் ஓர் இயர்பட்ஸ் வாங்கினால் ஒலி நன்றாக இருக்கும், வாரண்டியும் கிடைக்கும். பணம் முழுவதும் ஸ்பீக்கருக்கும் பேட்டரிக்கும் போயிருக்கும், அனிமேஷனைப் போலி செய்வதற்கு அல்ல. பேட்டரியையும் யோசியுங்கள்: அது காதுக்குள் வைக்கும் லித்தியம் செல். அசலில் இரைச்சல் நீக்கத்தோடு சுமார் 6 மணி நேரம் பாட்டு ஓடும். அதில் பாதிகூட ஓடாமல், சார்ஜ் ஆகும்போது பெட்டி கைக்குச் சுடும் அளவு சூடானால் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள்.

வெள்ளையா தண்டு வச்சு இருந்தாலே போலியா?

இல்லை. 2020-இல் நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் அமெரிக்கச் சுங்கத் துறை 2,000 இயர்பட்ஸைப் பறிமுதல் செய்து, போலி ஏர்பாட்ஸ் பிடித்ததாக அறிவித்தது. அவர்கள் வெளியிட்ட படத்திலேயே பெட்டியில் ஒன்பிளஸ் பட்ஸ் என்று எழுதியிருந்தது. அது அந்த நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பு. தோற்றம் ஆப்பிளின் வணிக முத்திரையை மீறுகிறது என்று சுங்கத் துறை வாதிட்டது வேறு விஷயம். வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது, இன்னொருவர் பெயரைப் போட்டு விற்கிறார்களா என்பதைத்தான்.

ஆப்பிள் இல்லாம சாம்சங், சோனி, போட் வாங்கும்போது?

அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வச் செயலியோடு இணைத்துப் பாருங்கள். சாம்சங்குக்கு `Galaxy Wearable`, சோனிக்கு `Sound Connect`. செயலி மாடலை அடையாளம் கண்டு, ஈக்வலைசரும் மென்பொருள் அப்டேட்டும் காட்ட வேண்டும். விற்பவர் ஒரு இணைப்பை அனுப்பி "இந்தச் செயலியைப் போடுங்க" என்றால் போடாதீர்கள். சோனியின் WF-1000XM4, WF-1000XM5 போன்ற மாடல்கள் LDAC என்ற ஒலிச் சுருக்க முறையை ஏற்கும். LDAC உள்ள ஆண்ட்ராய்டு போனில், மேலே சொன்ன கோடெக் வரியில் அந்தத் தேர்வே வராவிட்டால் சந்தேகப்படுங்கள்.

செயலியே இல்லாத மலிவு மாடல்களுக்கு லேபிள்தான் துணை. இந்தியாவில் விற்கும் கம்பியில்லா இயர்பட்ஸுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் பதிவு கட்டாயம், பெட்டியில் R- என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். `BIS Care` செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயரும் பொருள் வகையும் வரும். பெட்டியில் இயர்பட்ஸ், செயலியில் பவர் அடாப்டர் என்றால் எண் திருடப்பட்டது. எம்ஆர்பி, இறக்குமதியாளர் முகவரி, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவையும் அச்சாகியிருக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கி வந்த அசலில் இந்த இந்திய லேபிள் இருக்காது, அதை வைத்துப் போலி என்று சொல்லிவிட வேண்டாம்.

ஆன்லைன்ல ஆர்டர் பண்ணேன், வந்தது போலி. இப்ப என்ன செய்யறது?

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் புகார் பதிய வேண்டும், அது சில நாள்தான். சரிபார்க்க முடியவில்லை என்ற எச்சரிக்கையின் ஸ்கிரீன்ஷாட், மூன்று இடத்திலும் ஒரே சீரியல் எண் வருவதன் ஸ்கிரீன்ஷாட், பில், பார்சல் லேபிளின் படம் நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். "சத்தம் நல்லா இல்ல" என்று மட்டும் எழுதினால் அது கருத்து வேறுபாடாகப் போய்விடும். எச்சரிக்கையின் படம் இருந்தால் அவர்கள் மறுப்பது கடினம். பார்சலைப் பிரிக்கும்போது, லேபிள் தெரிவதில் தொடங்கி போனோடு இணைப்பது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வைத்திருந்தால், "நீங்கதான் மாத்திட்டீங்க" என்ற பதிலுக்கு இடமிருக்காது.

அவர்கள் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியுங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. புகார் முடியும் வரை போலியைத் தூக்கி எறிந்துவிடாமல் பெட்டியோடு பத்திரமாக வையுங்கள், அதுதான் சாட்சி.